'சில வருசம் கழிச்சு' எண்ட கடைசிக் காட்சி: கண்ணகியை மதுரையிலயே விடுறதா, வஞ்சிக்குக் கொண்டுபோறதா?

நந்திக்கரை

வணக்கம். முள்ளியவளைப் பக்கம் ஒரு இளைஞர் மன்றத்துக்காகச் சிலப்பதிகாரத்தை இரண்டு மணித்தியால மேடை நாடகமா எழுதிறன். விடிய விடிய ஆடுற கூத்தில்லை, வசன நாடகம். மதுரை எரியிறது வரைக்கும் எழுதி முடிஞ்சுது. அதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டதில மன்றத்துக்குள்ள இரண்டு பக்கம். தீயோட திரையை விடு, மேல ஒண்டும் வேண்டாம் எண்டுது ஒரு பக்கம். மாதவிக்கு என்ன நடந்தது, கோவலன்ர தாய் தகப்பனுக்கு என்ன நடந்தது, கோயில் எப்பிடி வந்தது எல்லாம் சனத்துக்குத் தெரியவேணும், வஞ்சிக் காண்டத்தைச் சுருக்கிக் கடைசிக் காட்சியா வை எண்டுது மற்றப் பக்கம்.

கதை முடிஞ்சு காலம் கழிச்சு ஆக்களைக் காட்டிற காட்சி, கதையை முடிச்சு வைக்குமா, இல்லாட்டி அதுவரைக்கும் சொன்னதைக் கெடுத்துப்போடுமா? என்னை அலைக்கழிக்கிற இடம் 'தென்னவன் தீதிலன்'. 'தேரா மன்னா' எண்டு சபையில நிண்டு கேட்டவளே, பாண்டியனில பிழையில்லை எண்டு பிறகு சொன்னால், அந்த வழக்குக்கு என்ன அர்த்தம்?

கனகராயன்

தம்பி, இதில யோசிக்க ஒண்டுமில்லை. வஞ்சிக் காண்டம் பின்னாளில ஆரோ ஒட்டினது எண்டு ஆராய்ச்சிக்காரரே சொல்லியிருக்கினம். இளங்கோ எழுதினது மதுரையோட சரி. சேர அரசனைப் புகழ வேண்டி வடநாட்டுப் படையெடுப்பும் கல்லெடுப்பும் சேர்த்திருக்கினம். பொதுவாவே இப்பிடி ஒட்டுற முடிவெல்லாம் வெளியாலிருந்து வாற அழுத்தந்தான். டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைச் சோகமா முடிச்சார். புத்தகம் வந்தோடன வாசகர் கொதிச்சதால காதலர் சேருற மாதிரி மாத்தினார். ஒட்டினதை வெட்டு.

ஒப்பனைப்பெட்டி

வயது போன ஆக்களாக் காட்டத்தானே கேக்கிறீங்கள்? தலைக்கு முகப்பவுடர் போடாதேங்கோ. எங்கட வெக்கையில அரைமணித்தியாலத்தில வேர்வையோட கழுத்தில வழியும், கறுப்புச் சட்டை போட்டால் தோளெல்லாம் வெள்ளை. தண்ணியில கரையிற வெள்ளை மையைப் பழைய பல்துலக்கியில தொட்டு, காதுக்கு மேலயும் முன்மயிரிலயும் மட்டும் இழுங்கோ. முழுத்தலையும் வெள்ளையடிச்சால் கொட்டிலுக்குப் பின்னால இருக்கிற சனத்துக்குத் தொப்பி போட்ட மாதிரித் தெரியும். சுருக்கக் கோடு கீறுறதெண்டால் நடிகரை முகம் சுழிக்கச் சொல்லி, விழுற கோட்டுக்கு மேலேயே கீறுங்கோ.

நந்திக்கரை

ஒப்பனை அண்ணை, நன்றி. ஆனால் நான் கேட்டது காட்சி வேணுமா வேண்டாமா எண்டு. மற்றது, வஞ்சிக் காண்டத்தில ஆக்கள் கிழடாகிற அளவுக்குக் காலம் போகேல்லைப் போல.

ஏட்டுக்கட்டு

நந்திக்கரை சொல்வது சரி. சேரன் செங்குட்டுவன் தன் தலைநகரான வஞ்சியை விட்டுப் புறப்பட்டு எவ்வளவு காலம் என்பதற்கு நூலிலேயே கணக்கு இருக்கிறது. 'எண்ணான்கு மதியம்' என்று கணியன் சொல்கிறான். 32 மாதம். ஆகவே மதுரை எரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நரை தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். கண்ணகியின் கதை எங்கே முடிகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நூலில் 30 காதைகள். 23ஆவதான கட்டுரை காதையில் அவள் மதுரையை விட்டு வெளியேறுகிறாள். 14 நாள் கழித்து வேங்கை மரத்தின் கீழ் நிற்கிறாள், வானோர் கோவலனோடு வந்து அழைத்துப் போகிறார்கள். அவளுடைய கதை அங்கே முடிந்துவிட்டது. அதன் பின்னும் 7 காதைகள் இருக்கின்றன. ஒரு நூலின் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான பகுதியை, நாயகி போன பிறகு ஒருவர் எழுதுகிறார் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும்.

உங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏழும் வேண்டாம். கல் எடுத்ததும், கனக விசயர் தலையில் ஏற்றியதும், ஆரிய மன்னரோடு நடந்த போரும் சேரனின் கதை. 27ஆவது நீர்ப்படைக் காதையும் 29ஆவது வாழ்த்துக் காதையும் மட்டும் உங்களுக்குக் காணும்.

27இல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கங்கையின் தென்கரை, சேரன் பாசறை. அங்கே மாடலன் என்ற மறையோன் வருகிறான். எஞ்சியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இளங்கோ காட்டவில்லை, அவன் வாயால் சொல்ல வைக்கிறார். கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள். அவளை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுத்த கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டாள். மாடலன் இந்தச் செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோய்ச் சொன்னதும், கோவலனின் தந்தை பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் புத்த துறவியரிடம் சேர்ந்தார், தாய் இறந்தாள். கண்ணகியின் தந்தை ஆசீவகரிடம் போனார், அவள் தாயும் இறந்தாள். மாதவி கூந்தலைக் களைந்து துறவு பூண்டாள்.

மாடலன் ஏன் கங்கைக்கு வந்தான்? தன் வாயால் செய்தி கேட்டவர்கள் இறந்தார்கள், அந்தப் பாவம் தீர நீராட வந்தேன் என்கிறான். செய்தி சொல்ல வந்தவனையும் செய்தியின் விலையைக் கட்ட வைக்கிறார் இளங்கோ. இவனை வெறும் தூதனாக நிறுத்தினால் பட்டியல் வாசித்த மாதிரி இருக்கும். குற்றவாளியாக நிறுத்தினால் மேடையில் ஆள் நிற்பான்.

கதையைக் கெடுக்கும் பின்கதைகளில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குப் பிள்ளை, ஒருவருக்கு வேலை. அவை முன்கதையிலிருந்து வந்தவையல்ல, எழுதியவர் கையிலிருந்து கொடுத்தவை. இங்கே யாருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தாம் முன்னர் செய்த ஒரு காரியத்தின் நீட்சியாகவே முடிகிறார்கள். மாதவியைப் பாருங்கள். அரங்கேற்றத்தில் 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையோடு தொடங்கியவள். இங்கே 'கோதைத் தாமம் குழலொடு களைந்து' நிற்கிறாள். மகள் மணிமேகலை கணிகையர் கோலம் காணாதொழிக என்று தாயிடம் சொல்லிவிடுகிறாள். மாலையால் தொடங்கியதை மாலையைக் களைந்தே முடித்தாள். இரண்டு அடிக்குள் ஒரு முழு வாழ்க்கை.

பாலைப்பழம்

கனகராயன் அண்ணை, டிக்கன்ஸ் பற்றி ஒரு திருத்தம். அவர் முடிவை மாத்தினது உண்மை. ஆனால் வாசகர் கொதிச்சு இல்லை. அச்சுப்படியை வாசிச்ச நண்பர் புல்வர் லிட்டன் சொல்லித்தான், வெளிவர முதலே மாத்தினவர். 1861இல வாசிச்ச ஆக்களுக்கு முதல் முடிவு எண்டு ஒண்டு இருந்ததே தெரியாது. டிக்கன்ஸ் இறந்த பிறகு, 1874இல, ஃபோஸ்டர் எழுதின வாழ்க்கை வரலாற்றிலதான் அது வெளிவந்தது.

அந்த இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் நந்திக்கரைக்கு உதவும். முதல் முடிவில, நாயகன் பிப் விரும்பின எஸ்டெல்லா ஒரு வைத்தியரைக் கட்டியிருக்கிறா. லண்டன் தெருவில வண்டிக்குள்ள இருந்து பிப்பைக் கூப்பிடுறா. அவனோட இருக்கிறது அவனை வளர்த்த ஜோவின்ர மகன். அதை அவன்ர பிள்ளை எண்டு நினைச்சுக் கொஞ்சுறா. அவன் திருத்தேல்லை. கொஞ்ச நேரம், பிறகு பிரிவு. அவ பட்ட துன்பம் அவவுக்கு ஒரு மனதைக் குடுத்திருக்கு எண்டு அவன் விளங்கிக்கொள்ளுறான், அவ்வளவுதான். மாத்தின முடிவில பழைய வீடு இடிஞ்ச இடத்தில சந்திச்சுக் கையைப் பிடிச்சுக்கொண்டு போகினம். நாவல் முழுக்க, எதிர்பார்த்தது கிடைக்கிறதுதான் மனிசனைக் கெடுக்குது எண்டு சொல்லிப்போட்டு, கடைசியில எதிர்பார்த்ததைக் குடுக்கிறது. இரண்டு முடிவிலயும் காலம் ஒரே மாதிரித்தான் போயிருக்கு. ஆகவே வருசங்கள் கழிச்சுக் காட்டினதில பிழையில்லை. என்னத்தைக் குடுத்தார் எண்டதிலதான் பிழை.

ஆனால் மாத்தின முடிவுதான் நல்லது எண்டு வாதாடுற நல்ல விமர்சகரும் இருக்கினம். அவையள் சொல்லுறது, அந்தக் கடைசி வசனம் சேர்ந்தவை எண்டு உறுதியாச் சொல்லேல்லை, பிப் அப்பிடி நம்பினான் எண்டுதான் சொல்லுது எண்டு.

கனகராயன்

திருத்தத்துக்கு நன்றி தங்கச்சி. வஞ்சிக் காண்டம் ஒட்டினது எண்டதில நான் நிக்கிறன்.

ஏட்டுக்கட்டு

பிற்சேர்க்கை என்று கருதியவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக வரந்தரு காதையை. இளங்கோவே அதில் பாத்திரமாக வருவதும், அறிவுரைகள் அடுக்கடுக்காக வருவதும் அதற்குக் காரணம். ஆனால் நூலின் முன்னுரையான பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். நடுவில் உள்ளது வஞ்சிக் காண்டம் இல்லாமல் நிறைவேறாது. பதிகமும் பின்னால் வந்தது என்று நீங்கள் சொல்லலாம். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. இதை இங்கே தீர்க்க முடியாது, தீர்க்கத் தேவையுமில்லை. யார் எழுதினாலும் அந்தப் பகுதி கதைக்கு என்ன செய்கிறது என்பதுதான் நாடகக்காரருக்கு வேண்டியது.

இப்போது 'தென்னவன் தீதிலன்'. வாழ்த்துக் காதையில், புகாரிலிருந்து மூன்று பெண்கள் கண்ணகி கோயிலுக்கு வருகிறார்கள். அவளை வளர்த்த காவற்பெண்டு, அடித்தோழி, தேவந்தி. மூவரும் அழுது அரற்றும்போது கண்ணகி தோன்றிச் சொல்கிறாள்:

'தென்னவன் தீதிலன் தேவர்கோன் தன்கோயில்
நல்விருந் தாயினான் நான்அவன் தன்மகள்'

அவள் வழக்கைத் திரும்பப் பெறுகிறாளா? வழக்குரை காதைக்குத் திரும்பிப் போங்கள். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் பாண்டியன் பழியை வேறு யார்மேலும் போடவில்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி விழுந்து இறந்தான். தீர்ப்பை அவனே சொன்னான், தண்டனையையும் அவனே ஏற்றான். ஆகவே கண்ணகி இங்கே சொல்வது அவன் குற்றமே செய்யவில்லை என்பதல்ல, அவன் கணக்குத் தீர்ந்துவிட்டது என்பது. வழக்கில் வென்றவள் மட்டும்தான் அதைச் சொல்லலாம். செங்குட்டுவனோ இளங்கோவோ அதைச் சொல்லியிருந்தால் வழக்கு பாழாகியிருக்கும்.

செவ்வரத்தை

சேர், இதை நான் ஏற்கமாட்டன். நீங்கள் சொன்ன அதே நீர்ப்படைக் காதையில மாடலன் இன்னொரு செய்தியும் சொல்லுறான். அதை நீங்கள் விட்டிட்டீங்கள். பாண்டியன் செத்த பிறகு கொற்கையில இருந்து வெற்றிவேற் செழியன் வந்து, 1000 பொற்கொல்லரை ஒரே பகலில பத்தினிக்குப் பலி குடுத்தான். 'ஈரைஞ்ஞூற்றுவர்' எண்டு பாட்டிலேயே இருக்கு. களவெடுத்தது ஒரு பொற்கொல்லன். அரசன் தேராமல் கொல்லச் சொன்னான். பின்கதையில அரசன் தேவர் வீட்டு விருந்தாளி, கண்ணகி அவன்ர மகள். விலை குடுத்தது கேள்விமுறை இல்லாமல் கொல்லப்பட்ட 1000 தொழிலாளி. கோவலனுக்கு நடந்ததுதான் அவைக்கும் நடந்தது, விசாரணை இல்லாத கொலை. கண்ணகி எதுக்காகச் சிலம்பை உடைச்சாவோ அதையே அவவின்ர பேரில திருப்பிச் செய்திருக்கிறாங்கள்.

கதையைக் கெடுக்கிற பின்கதைக்கு இதைவிட வேற உதாரணம் வேணுமா?

ஏட்டுக்கட்டு

வலுவான கேள்வி பிள்ளை. நான் அதைச் சொல்லாமல் போனது சரியில்லை. இளங்கோ அதை ஏற்றுச் சொல்கிறாரா, பதிவு மட்டும் செய்கிறாரா என்பதுதான் சிக்கல். மாடலன் அந்தச் செய்தியை ஒரு மூச்சில், புகழோ பழியோ இல்லாமல் சொல்கிறான். உரைபெறு கட்டுரையிலோ, அந்தப் பலிக்குப் பிறகு மழை பெய்தது, நோய் நீங்கியது என்று வருகிறது. அது ஏற்றுக்கொள்கிற குரல். இன்னொரு பக்கம், 28ஆவது நடுகற் காதையில் இதே மாடலன் செங்குட்டுவனைப் பார்த்து, ஆட்சியேறி 50 ஆண்டாகியும் நீ மறக்கள வேள்விதான் செய்கிறாய், அறக்கள வேள்வி செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். பத்தினியின் பேரால் நடந்த போர்களை இதே பின்கதை கேள்வி கேட்கிறது. ஆனால் பொற்கொல்லருக்காக யாரும் கேட்கவில்லை. அதை நான் மறுக்க முடியாது.

நந்திக்கரைக்கு இதிலிருந்து ஒரு விதி வருகிறது. 'தென்னவன் தீதிலன்' வைப்பதென்றால் 1000 பொற்கொல்லரையும் வைக்கவேண்டும். முதலாவதை மட்டும் வைத்தால் அரசனுக்கு வெள்ளையடித்ததாக முடியும். இரண்டாவதை மட்டும் வைத்தால் கண்ணகியை இரத்தம் கேட்பவளாக்கிவிடும். இரண்டும் வேண்டாமென்றால் 27இலிருந்து மாதரி, கவுந்தி, பெற்றோர், மாதவி வரை போய் அங்கேயே நிறுத்துங்கள்.

மாரிக்குளம்

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவேணும். நாடகம் இல்லை, நான் எழுதின ஒரு குறுநாவலிலயும் இதே பிரச்சினை. 2009 மே, வட்டுவாகலில 18 வயது மகனை இராணுவத்திட்ட ஒப்படைச்ச தாய். கடைசி அத்தியாயம் பிரதேச செயலகத்தில. மரணச் சான்றிதழுக்கான படிவத்தைக் குடுக்கினம், அவ கையெழுத்து வைக்காமல் திருப்பித் தள்ளிப்போட்டு வாறா. அதோட முடிச்சிருந்தன். வாசிச்ச இரண்டு பேர், பிறகு அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டதால '2024' எண்டு ஒரு சின்ன அத்தியாயம் சேர்த்தன். அம்மாவுக்கு முதுகு கூனிப்போச்சு, கண் தெரியேல்லை. மகள், அண்ணன் போகேக்க 9 வயது, இப்ப கனடாவில. அவ தன்ர 7 வயது மகனோட ஊருக்கு வாறா. பேரனுக்கு மாமன்ர பேர். அம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதோட முடியுது. எல்லாரும் அழுதிச்சினம். ஆனாலும் எனக்குள்ள ஏதோ இடறுது.

பாலைப்பழம்

அக்கா, முதலில கணக்கு. 2009இல 9 எண்டால் 2024இல 24. பிள்ளைக்கு 7 எண்டால் 17 வயதில பெத்திருக்கவேணும், அதுக்கிடையில கனடாவும் போயிருக்கவேணும். காலம் கடத்திற அத்தியாயத்தில கூடுதலா வாற பிழை இதுதான். ஒவ்வொரு ஆளின்ர பிறந்த ஆண்டையும் ஒரு தாளில எழுதி, ஒவ்வொரு காட்சிக்கும் நேரே வயதைப் போட்டுப் பாருங்கோ. அம்மாவுக்கு 2009இல எத்தினை?

மாரிக்குளம்

45.

பாலைப்பழம்

அப்ப 2024இல 60. எங்கட ஊரில 60 வயது மனிசி வெங்காயம் நடுறா, நாலு மைல் சைக்கிள் மிதிக்கிறா. நீங்கள் எழுதினது 80 வயது ஆளை. காலம் போனதைக் காட்டக் கூனலும் குருடும் தேவையில்லை. தோல்ஸ்தோய் 'போரும் அமைதியும்' நாவலின்ர பின்கதையில 1820க்கு வரேக்க நடாஷாவை எப்பிடிக் காட்டுறார் தெரியுமே? முன்னுக்குப் பாட்டும் நடனமுமா இருந்த பெட்டை, இப்ப பிள்ளையின்ர அணைதுணியைக் கையில பிடிச்சுக்கொண்டு, பச்சைக்குப் பதிலா மஞ்சள் கறை, பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது எண்டு சந்தோசமாக் காட்ட வாறா. அந்தத் துணி ஒண்டு போதும். அவ இப்ப ஆர் எண்டு விளங்கியிடும். அதைப் படிச்சு, நடாஷாவை வீணாக்கிப்போட்டார் எண்டு கோவிக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். அது வேற வழக்கு.

ஏட்டுக்கட்டு

மாரிக்குளம், உங்களுக்கு இடறுவது வயதுக் கணக்கு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். பேரனுக்கு மாமன் பேர் வைத்தீர்களே, அதுதான். எங்கள் சனத்தில் போனவர்களின் பேரைப் பிள்ளைக்கு வைப்பதுண்டு. உயிரோடு இருக்கிறான் என்று தாய் நம்புகிற வீட்டில், அவன் பேரை இன்னொரு பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். நீங்கள் அந்தப் பேரை வைத்த நிமிடமே, அம்மா கையெழுத்து வைக்காத படிவத்தில் கதாசிரியர் கையெழுத்து வைத்துவிட்டார். கடைசி அத்தியாயம் முழுவதும் அவ மறுத்தது அதைத்தான். வாசித்தவர்கள் அழுதிருப்பார்கள், ஏனென்றால் நீங்கள் அவர்களுக்கு அழ அனுமதி கொடுத்துவிட்டீர்கள். அந்த அனுமதி அம்மாவிடம் இல்லை.

மகனைத் திரும்பி வரச் செய்தாலும் இதேதான். இருக்கிறான் என்றாலும் இல்லை என்றாலும் தெரியாமையில் வாழ்கிற அந்தத் தாயின் நிலையை நீங்கள் தீர்த்துவிடுகிறீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டதும் அதுதான்: எங்கே என்ற கேள்விக்குப் பதில். பதிலை நாவல் கொடுத்தால் அந்தக் கேள்வியை நாவலே மூடிவிடும்.

செவ்வரத்தை

பேரை மகள் வைச்சிருந்தால்? அம்மா வேண்டாம் எண்டு சொல்லியும் மகள் வைச்சிருந்தால்? அப்ப அந்தப் பேர் கதாசிரியரின்ர தீர்ப்பில்லை, தாய்க்கும் மகளுக்கும் இடையில வழக்கு. மகள் மூடவேணும் எண்டு நினைக்கிறா, அம்மா மறுக்கிறா. அம்மா அந்தப் பெடியனை அந்தப் பேரால கூப்பிடாமல் 'தம்பி' எண்டு மட்டும் கூப்பிட்டால் காணும்.

ஏட்டுக்கட்டு

அது நல்ல வழி. அப்போது பின்கதை முடிவைத் திருப்பிச் சொல்லாமல், முடிவிலிருந்து ஒரு புதிய சண்டையைக் கிளப்புகிறது. ஒரு நிபந்தனை: அந்த அத்தியாயம் மகளையும் மதிக்கவேண்டும். அவவுக்கும் ஒரு நியாயம் இருக்கவேண்டும்.

மாரிக்குளம்

பேர் விஷயம் எனக்குத் தைச்சிட்டுது. ஆனால் மகளைக் கனடாவில இருந்து கூட்டிவாறதை விடுறதா வைக்கிறதா எண்டு இன்னும் தெரியேல்லை. வயதைச் சரிக்கட்ட 2009இல அவவை 16 ஆக்கவேணும். அப்பிடியெண்டால் அவவும் வட்டுவாகலில எல்லாம் விளங்கிற வயது. முதல் அத்தியாயத்திலயிருந்து அவவின்ர கதை மாறும். திருப்பி எழுதத்தான் வேணும்.

முறிப்புவெளி

நந்திக்கரை, எல்லாரும் வஞ்சிக்குப் போறீங்கள். உங்கட நாடகம் பார்க்க வாற சனத்துக்குக் கண்ணகிக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு ஏற்கெனவே தெரியும். வற்றாப்பளைக்கு வந்தா. நந்திக்கடலோரம் மாடு மேய்ச்ச பெடியளிட்டக் கிழவியா வந்து, பசிக்குது எண்டு கேட்டா. பொங்கிக் குடுத்தாங்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை எண்டாங்கள், கடல்தண்ணியை ஊத்தி எரியுங்கோ எண்டா. தலையில பேன் பார்க்கச் சொன்னா, பார்த்தால் தலை முழுக்கக் கண். வைகாசிப் பொங்கலுக்கு இண்டைக்கும் கடல்நீரிலதான் விளக்கு. கனகராயன் அண்ணை ஒட்டினது எண்டு சொல்லுற காண்டத்தை விட இது எங்களுக்குக் கிட்ட.

பாலைப்பழம்

இது அருமையான யோசனை. கதையின்ர சூட்டுக்கு இது என்ன செய்யுது எண்டு பாருங்கோ. வஞ்சியில கண்ணகிக்குக் கோவலன் திரும்பக் கிடைக்கிறான், கோயில் கிடைக்குது, அரசர் கும்பிடுகினம், பாண்டியன் தகப்பன் ஆகிறான். வற்றாப்பளையில ஒண்டும் கிடைக்கேல்லை. கோவலன் இல்லை. கிழடாப்போனா. பசி. முன்னால நிக்கிறது அரசரில்லை, மாடு மேய்க்கிற பெடியள். பாண்டியன் நல்லவனா கெட்டவனா எண்டு ஒரு சொல்லும் இல்லை. கோவம் தணிஞ்சுதா எண்டதும் முடிஞ்ச விஷயமாச் சொல்லப்படேல்லை, ஒவ்வொரு வருசமும் பொங்கிக் குளிர்விக்கவேணும். வழக்கை மூடாமலே முடியுது.

ஏட்டுக்கட்டு

ஒப்புக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். இளங்கோவின் கண்ணகி 14ஆம் நாள் வானேறிவிட்டாள், கிழவியாகவில்லை. நாடகம் முழுக்க அவருடைய பாட்டை வைத்துவிட்டு, எந்த அடையாளமும் இல்லாமல் ஊர்க்கதைக்குத் தாவினால் பிள்ளைகள் இது சிலப்பதிகாரத்தில் உள்ளது என்று பரீட்சையில் எழுதும். வேங்கை மரக் காட்சியை வைத்தால் வற்றாப்பளை ஒட்டாது. வற்றாப்பளை வேண்டுமென்றால் வேங்கை மரத்துக்கு முன்னரே இளங்கோவை நிறுத்தவேண்டும்.

நிறுத்துவதற்கு ஒரு இடம் இருக்கிறது. தீயில் நிறுத்தாதீர்கள். கட்டுரை காதையில் அவள் கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு, 'கீழ்த்திசை வாயிற் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்க' என்று சொல்லி நகரை விட்டுப் போகிறாள். பின்கதையே வேண்டாம் என்கிற பக்கத்தாருக்கும் தீயைவிட இதுதான் பலமான முடிவு.

ஒப்பனைப்பெட்டி

கிழவி வாறா எண்டால் என்ர வெள்ளை மை தேவைப்படுந்தானே. மேடைப் பக்கம் ஒண்டு சொல்லுறன். தீக்காட்சிக்கு மேளமும் புகையும் உச்சத்துக்குப் போகும். அது நிண்டவுடன சனம் முடிஞ்சுது எண்டு எழும்பும், பாயைச் சுருட்டும், பிள்ளையளைக் கூப்பிடும். பிறகு வாற காட்சி ஆருக்கும் கேளாது. திரையை விடாதேங்கோ, விளக்கையும் அணைக்காதேங்கோ. புகை கலைய முதலே அடுத்த ஆள் மேடைக்குள்ள நடந்து வரவேணும். அந்தக் காட்சி 10 நிமிசத்துக்கு மேல போகவும் கூடாது.

நந்திக்கரை

எல்லாருக்கும் நன்றி. இப்ப கையில இருக்கிறது இப்பிடி: புகைக்குள்ள கண்ணகி மேற்கு வாசலால போறா. அவ போன பக்கத்தாலேயே மாடலன் வாறான். அவனைக் கங்கைக்குக் கொண்டுபோகாமல், மதுரை வாசலிலேயே நிண்டு, சபையோரைப் பார்த்து, செத்தவையையும் துறந்தவையையும் ஒவ்வொருத்தராச் சொல்லி, என்ர சொல்லாலயும் செத்தவை எண்டு ஒத்துக்கொள்ளுறான். மாதரி, கவுந்தி, இரண்டு தாய்மார், மாதவி. 6 நிமிசம். பிறகு மாட்டு மணிச் சத்தம், பெடியள், கிழவி. 4 நிமிசம். இது எங்கட ஊர்க்கதை எண்டு பெடியள் வாயாலேயே வரும். 'தென்னவன் தீதிலன்' இல்லை.

செவ்வரத்தை

பொற்கொல்லர்?

நந்திக்கரை

அதுதான் நிக்குது. மாடலன் வாயில வைச்சால், சேர் சொன்ன விதிப்படி 'தீதிலன்' உம் வரவேணும்.

செவ்வரத்தை

அந்த விதியில ஒரு பாதியை நான் ஏற்கேல்லை. 'தீதிலன்' இல்லாமல் பொற்கொல்லரை வைச்சால் கண்ணகி இரத்தம் கேட்டதா வரும் எண்டார். பலி குடுத்தது செழியன். கண்ணகி கேக்கேல்லை. கேக்காமலே தன்ர பேரில செய்தாங்கள் எண்டதை மாடலன் ஒரு வசனத்தில சொல்லலாம்.

ஏட்டுக்கட்டு

நூலில் அவள் கேட்டதாக இல்லைத்தான். ஆனால் மேடையில் மதுரையை எரித்தவளைப் பார்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாத சனம் அந்த வசனத்தைக் கேட்கிறது. நடித்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும். ஒத்திகையில் இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள் தம்பி, நூல் தெரியாத நாலு பேரை முன்னால் இருத்தி, முடிந்ததும் 'ஆர் பிழை?' என்று மட்டும் கேளுங்கள்.

கனகராயன்

ஒத்திகை எப்ப எண்டு போடுங்கோ. நான் வாறன்.